150 சிப்பம் பொன்னியும் மாமாவின் கணக்கும்

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என் மாமா. 2023 ஆடி மாதக் கடைசியில் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு மாஸ்டர் அவரைத் தேடி வந்தார். தை, மாசி முகூர்த்தங்களுக்கு 150 சிப்பம் பழைய பொன்னி புழுங்கல் வேண்டும், விலையை இப்போதே சொல்ல வேண்டும் என்றார். மாஸ்டருக்கு வேறு வழியில்லை. பெண் வீட்டாரிடம் இலைக்கு இவ்வளவு என்று இப்போதே பேசி முடித்து முன்பணம் வாங்கிவிட்டார். தை மாதம் அரிசி விலை ஏறிவிட்டது என்று அவர்களிடம் போய் நிற்க முடியாது.

மாமா கையிலிருந்த பில்லைப் பார்த்தார். மில்லிலிருந்து 26 கிலோ சிப்பம் கடையில் வந்து இறங்க அன்றைக்கு 1,250 ரூபாய். (அதென்ன 26 கிலோ என்று கேட்பவர்களுக்கு: 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அப்புறம் மில்காரர்கள் பையில் ஒரு கிலோ கூட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள்.) கடையில் சில்லறையாக விற்றால் சிப்பத்துக்கு ஐம்பது, அறுபது நிற்கும். மாமா 1,340 சொன்னார். மாஸ்டர் பேரம்கூடப் பேசாமல் சரி என்றார். சிப்பத்துக்கு 90, 150 சிப்பத்துக்கு 13,500 ரூபாய் லாபம் என்று அன்று இரவே அத்தையிடம் சொல்லியாகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு எழுதுவது சரக்குச் சந்தைத் தரகு நிறுவனம் ஒன்றில். ஹெட்ஜிங், அதாவது விலை மாறினால் வரும் நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஈடு கட்டிக்கொள்வது, என்ற சொல் தினமும் காதில் விழும் இடம். மாமாவின் கதையை எழுதக் காரணம், அங்கே திரையில் எண்களாக ஓடுவதெல்லாம் அவர் கடையில் சாக்காகவும் கடனாகவும் சண்டையாகவும் நடந்தது என்பதுதான். கணக்கு எளிதாகப் புரியட்டும் என்று தொகைகளை மட்டும் கொஞ்சம் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

மாமா விலை சொன்னது கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அவருக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஜூலை 20ஆம் தேதி மத்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. வெளியே போகிற அரிசி உள்ளே நின்றால் விலை இறங்கத்தானே வேண்டும்? ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கல் அரிசிக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்ததும் அவருக்குத் தெம்பு இன்னும் கூடியது. இரண்டாவது காரணம் எங்கள் ஊர்க் காரணம். தை கடைசியில் சம்பா அறுவடை. களத்துக்கு நெல் வந்தால் அரிசி விலை ஏறாது.

இரண்டுமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவர் எடுத்திருந்த நிலையைப் பாருங்கள். 150 சிப்பத்தை விற்றுவிட்டார். கையில் ஒரு சிப்பம்கூட இல்லை. விலை இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம், ஏற்றத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இப்படி நிற்பதைச் சந்தையில் ஷார்ட் என்பார்கள். கடைக்காரர் எவரையாவது கூப்பிட்டு, அரிசி விலை இறங்கும் என்று இரண்டு லட்சத்துக்குப் பந்தயம் கட்டுகிறீர்களா என்று கேட்டால் விரட்டி அடிப்பார். மாமா கட்டியிருந்தது அந்தப் பந்தயம்தான். அது வியாபாரம் மாதிரியே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12ஆம் தேதி திறந்தது. கர்நாடகத்தில் மழை பொய்த்து, வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. அக்டோபர் 10ஆம் தேதி அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது நின்றது. சம்பாவுக்கு உயிர்த் தண்ணீர் வேண்டிய காலம் அது. எங்கள் ஊரில் அந்த வாரம் டீக்கடைப் பேச்சு முழுக்க ஆழ்குழாயும் டீசலும்தான். மில் விலை 1,290 ஆனது, 1,350 ஆனது. தீபாவளிக்கு மறுநாள் கேட்டபோது 1,380. மாமாவின் 13,500 ரூபாய் லாபம் சத்தமில்லாமல் 6,000 ரூபாய் நஷ்டமாக மாறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு போன் செய்தார். “மாப்ளே, இது இன்னும் ஏறுமா?”

தெரியாது என்றேன். அந்த வேலையில் இருந்துகொண்டு தெரியாது என்கிறானே என்று அவருக்குக் கோபம். நான் வேறொன்று கேட்டேன். ஆடியில் விலை சொன்ன அன்றைக்கே 150 சிப்பத்தையும் வாங்கி உள்ளே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாமா உடனே, “அதைத்தான் செஞ்சிருக்கணும், 1,250க்கு வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நான் ராஜா” என்றார். சரி, பணம்? 150 சிப்பத்துக்கு 1,87,500 ரூபாய். அவர் கடன் வாங்கும் இடத்தில் ஒன்றரை வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய். ஆறு மாதத்துக்குச் சிப்பம் ஒன்றுக்கு 112 ரூபாய் வட்டியாகிறது. 1,250உம் 112உம் 1,362. இது வண்டு, எலி, மூட்டை அடுக்க இடம் எதையும் சேர்க்காத கணக்கு.

அவர் சொன்ன விலை 1,340.

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார். “அப்ப அன்னைக்கே நான் நஷ்டத்துக்குத்தான் வித்திருக்கேனா?”

ஆமாம். ஆறு மாதம் கழித்துக் கொடுக்கும் அரிசிக்கு இன்றைய பில்லைப் பார்த்து விலை சொல்லக் கூடாது. இன்று வாங்கி அதுவரை வைத்திருக்க ஆகும் செலவும் அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே வேறொருவரிடம் தை மாத விலையைக் கேட்டு, அதன் மேல் தன் லாபத்தை வைக்க வேண்டும். மாமா இரண்டையும் செய்யவில்லை. மேட்டூரில் தண்ணீர் நின்றது அவர் நஷ்டத்தைப் பெரிதாக்கியது. ஆனால் நஷ்டம் தொடங்கியது ஆடி மாதத்து பில்லில்.

ஊருக்குப் போயிருந்தபோது நானும் அவரோடு மில்லுக்குப் போனேன். தவிட்டு வாசனையும் பாய்லர் சூடுமாக இருந்த இடத்தில் மில்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். தை கடைசிக்கு 100, மாசிக்கு 50, இப்போதே ரேட் சொல்லுங்கள்.

நான் எதிர்பார்த்தது, விலை ஏறிக்கொண்டிருக்கும்போது இவர் எதற்கு ரேட் கட்டப் போகிறார் என்பதுதான். அவரோ இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு 1,390 என்றார். மாமாவுக்கே ஆச்சரியம். “ஏண்ணே, இன்னும் ஏறும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?”

மில்காரர் சிரித்தார். “ஏறினா உங்களுக்குப் பயம், தம்பி. எனக்கு ராத்திரி தூக்கம் வராதது இறங்கினா. உள்ள போய்ப் பாருங்க. போன வருஷத்து நெல்லு அவ்வளவும் பேங்க் பணத்துல நிக்குது. நாளைக்கே கவர்மெண்ட்டு ஏதாவது ஒரு ஆர்டர் போட்டு விலை முறிஞ்சா நான் எங்க போவேன்? நீங்க 150க்கு ரேட் கட்டிக்கிட்டா அந்த 150க்கு நானும் நிம்மதி.”

நான் அலுவலகத்தில் படித்த விளக்கங்களையெல்லாம்விட இது தெளிவாக இருந்தது. சரக்கு இல்லாமல் விற்றவருக்கு ஏற்றம் பயம். விற்காமல் சரக்கு வைத்திருப்பவருக்கு இறக்கம் பயம். இருவரும் ஒரு விலையில் கை கொடுத்தால் இரண்டு பயமும் அந்த அளவுக்குத் தீர்ந்துபோகிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விலை எங்கே போகும் என்று இருவருக்கும் ஒரே கருத்து இருக்க வேண்டியதும் இல்லை. மில்காரர் உள்ளூர ஏறும் என்றே நினைத்திருக்கலாம். அவருக்கு வேண்டியது தப்பாகப் போனால் கவிழாமல் இருப்பது.

மாமா 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். திரும்பி வரும்போது வண்டியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். 1,390க்கு வாங்கி 1,340க்குக் கொடுத்தால் சிப்பத்துக்கு ஐம்பது கைவிட்டுப் போகிறது, 7,500 ரூபாய் தண்டம். ஒருவேளை பொங்கலுக்குள் இறங்கிவிட்டால்? இறங்கலாம்தான். ஆனால் இறங்குமா என்று காத்திருந்தால் ஆடியில் கட்டிய பந்தயத்தை ஐப்பசியில் மறுபடியும் கட்டுகிறோம் என்று பொருள். 7,500 போகும் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு போகும் என்றே தெரியாமல் இருந்தது நின்றது.

தையில் விலை 1,490ஐத் தொட்டது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் சிப்பத்துக்கு 150 வீதம் 22,500 ரூபாய் போயிருக்கும். இத்தோடு கதை முடிந்திருந்தால் மாமா பாடம் கற்றுக்கொண்டார் என்று எழுதிவிடலாம். முடியவில்லை.

முதல் 100 சிப்பம் சொன்னபடி வந்தது. மாசிக்கு வர வேண்டிய 50 வரவில்லை. மில்லில் கேட்டால் லாரி இல்லை என்றார்கள், அப்புறம் பாய்லர் ரிப்பேர் என்றார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். வெளியே 1,490க்குப் போகும் அரிசியை இவருக்கு 1,390க்குக் கொடுக்க வேண்டுமா என்ற எண்ணம் வந்துவிட்டது. மாமா கொடுத்த 30,000 மில்காரரைக் காப்பாற்றும் பணம். மாமா பின்வாங்கினால் அது போய்விடும். மில்காரர் பின்வாங்கினால் என்ன போகும்? திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் போகாது. முன்பணம் ஒரு பக்கக் கதவுக்கு மட்டும் பூட்டு.

மாமா போய் உட்கார்ந்து பேசியதில் 50 சிப்பம் வந்தது. ஆனால் அது அந்தத் தையில் அறுத்த நெல்லின் அரிசி. பை அதே பை, மார்க் அதே மார்க், பொன்னி என்றுதான் போட்டிருந்தது. மாஸ்டர் ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தார், ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்தார். “புது அரிசி. இதை வடிச்சா பந்தியில கூழா நிக்கும். வேணாம்.” அவர் சொன்னதில் தப்பில்லை. புது அரிசி சோறாகக் கொஞ்சமாகத்தான் காணும், குழையும். ஐந்நூறு பேர் பந்திக்கு அது ஆகாது. ஆனால் மில்லில் பேசியபோது மாமா ‘பொன்னி’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். மாஸ்டர் சொன்ன ‘பழைய’ அந்த இடைவெளியில் எங்கோ விழுந்துவிட்டது.

இதுவும் என் வேலையில் தினம் பார்க்கும் சங்கதி. விற்றது ஒரு சரக்கு, அதற்கு ஈடாகக் கட்டியது கிட்டத்தட்ட அதே சரக்கு. அந்த ‘கிட்டத்தட்ட’ என்ற இடத்தில் வரும் நஷ்டத்தை எந்த ஈடும் தடுக்காது. அறுவடைக் காலத்தில் புது அரிசியும் பழைய அரிசியும் விலையில் ஒன்றாக நடப்பதே இல்லை. ஆடியில் மாமா நம்பிய சம்பா அறுவடை விலை குறைத்தது புது அரிசிக்கு. அவர் விற்றிருந்தது பழையது.

வேறொரு மொத்த வியாபாரியிடம் 50 சிப்பம் பழைய அரிசி 1,500க்கு வாங்கி மாஸ்டருக்குக் கொடுத்தார். புது அரிசியைக் கடையில் வைத்துப் போட்ட விலைக்கே தள்ளினார். கடைசிக் கணக்கு: முதல் 100இல் 5,000, அடுத்த 50இல் 8,000, மொத்தம் 13,000 ரூபாய் நஷ்டம். 22,500ஐவிடக் குறைவு, 7,500ஐவிட அதிகம்.

மாமா இதைச் சொல்லிப் புலம்பியபோது, எக்ஸ்சேஞ்சில் நெல்லுக்கு ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு மாதத்து விலையை இன்றே கட்டிக்கொள்ளும் ஒப்பந்தம், இருந்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி சரி. அங்கே இரு பக்கமும் முன்பணம் கட்ட வேண்டும். விலை நகர நகர தினமும் நஷ்டப்படுகிறவரிடமிருந்து பணம் எடுக்கப்படும். இரு பக்கத்துக்கும் பொறுப்பேற்கும் தீர்வகம் நடுவில் நிற்பதால் எதிராளி யாரென்றே தெரிய வேண்டாம், லாரி இல்லை என்ற பேச்சும் வராது. ஒசாகாவின் தோஜிமாவில் 1730இல் ஜப்பானிய அரசு அனுமதித்த அரிசிச் சந்தையில்கூடக் கணக்கை நேர் செய்து தீர்க்க இடைநிலையாளர்கள் இருந்தார்கள். ஆக இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் நம் ஊரில் பாஸ்மதி அல்லாத நெல்லுக்கான ஃபியூச்சர்ஸை, சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2021 டிசம்பர் 20ஆம் தேதி நிறுத்தி வைத்தது. கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயா, கச்சா பாமாயில் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு வருடத்துக்கு என்று சொன்ன தடையைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். அது நடந்துகொண்டிருந்தாலும் மாமாவின் புது அரிசி, பழைய அரிசி வித்தியாசத்தை அது தீர்த்திருக்காது என்பது என் எண்ணம். மாமாவுக்கு மில்காரரும் ஒரு வெள்ளைத்தாளும்தான் இருந்தன.

அந்த வெள்ளைத்தாளை 2024 ஆவணியில் எழுதினார். மாஸ்டர் இந்த முறை 130 சிப்பம் கேட்டார். மாமா, “நாளைக்குச் சொல்றேன் மாஸ்டர்” என்று அனுப்பிவிட்டு முதலில் மில்லுக்குப் போனார். என்ன ரகம், எந்தப் போகத்து நெல், எந்த மார்க், எந்த மாதம் எத்தனை சிப்பம், தராவிட்டால் வெளியில் வாங்கும் விலை வித்தியாசத்தை யார் கொடுப்பது, எல்லாம் தாளில் ஏறியது. தை, மாசிக்கு மில் விலை 1,420. அதன் மேல் 70 வைத்து மாஸ்டரிடம் 1,490 சொன்னார். மாஸ்டரிடம் 20,000 முன்பணம் வாங்கி அதை அப்படியே மில்லில் கொடுத்தார். கையிலிருந்து காசு இறங்கவில்லை, சரக்கு வாங்கிப் போடவில்லை, வட்டியும் இல்லை. அந்த வட்டியெல்லாம் மில்காரர் சொன்ன விலைக்குள்ளேயே இருக்கிறது.

செப்டம்பர் 28ஆம் தேதி வெள்ளை அரிசி ஏற்றுமதித் தடையை அரசு எடுத்தது. அக்டோபரில் புழுங்கலுக்கான ஏற்றுமதி வரியும் போனது. அரிசி கப்பல் ஏறப்போகிறது, விலை பறக்கும் என்று கடைவீதியே பேசியது. மாசியில் மில் விலை 1,340.

தடை போட்டபோது ஏறியது, தடையை எடுத்தபோது இறங்கியது. மாமா 1,420க்குக் கட்டியிருந்த அரிசி வெளியில் 80 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? “பேசாம விட்டிருந்தா சிப்பத்துக்கு 150 பார்த்திருக்கலாமே, இப்படி 70க்கு மாட்டிக்கிட்டீங்களே.” பத்தாயிரத்துக்கு மேல் விட்டுவிட்டதாக அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஹெட்ஜிங் செய்யும் பெரிய நிறுவனங்கள்கூடச் சறுக்குவது இந்த இடத்தில்தான். விலை சாதகமாகப் போன வருடத்தில், கட்டியதால் நஷ்டம் என்று மேலிடம் கேட்கும். அடுத்த வருடம் கட்டாமல் விடுவார்கள். மாமா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கல்லாவிலிருந்து நிமிராமலே சொன்னார். “போன வருஷம் ஏறினப்ப நீங்க வந்து எனக்குக் கொடுத்தீங்களா? எனக்கு 70 வேணும்னு பேசினேன், 70 வந்துச்சு. மீதி என் காசு இல்ல.”

அந்த வருடமும் ஓட்டை இல்லாமல் இல்லை. மாஸ்டருக்கு ஒரு கல்யாணம் தள்ளிப்போய், 115 சிப்பம்தான் எடுத்தார். விலை இறங்கியிருந்ததால் மீதியைத் தட்டிக்கழிக்கிறார் என்று மாமாவுக்குச் சந்தேகம், கொஞ்சம் எனக்கும். 15 சிப்பம் 1,420 விலையில் மாமா தலையில் நின்றது. 1,395க்குக் கடையில் விற்றதில் 375 ரூபாய் போனது. தொகை சின்னது, ஆனால் விற்பனை இல்லாத 15 சிப்பத்துக்குக் கட்டிய விலை வெறும் பந்தயமாகிவிட்டது என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். போன தடவை விற்றுவிட்டு வாங்காமல் நின்றார், இந்த முறை வாங்கிவிட்டு விற்காமல் நின்றார். அடுத்த சீசனில் மாஸ்டர் 140 என்றபோது, முன்பணம் வந்த 100க்கு மட்டும் விலை கட்டினார். மீதி 40 எடுக்கும் அன்றைய மில் விலையோடு 60 கூட்டி என்று பேச்சு.

அதே நாளில் மாஸ்டர் இன்னொன்றும் கேட்டார். அரிசிக்குச் செய்கிற மாதிரி துவரம் பருப்புக்கும் தை மாத விலையை இப்போதே சொல்லிவிடுங்களேன், 300 கிலோ எடுக்கிறேன் என்றார். மாமா தஞ்சாவூரில் தான் பருப்பு எடுக்கும் மண்டிக்குப் போன் போட்டார். பருப்பு பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது, அன்றன்றைய ரேட்தான், நாலு மாதத்துக்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று பதில் வந்தது. மாமா போனை வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

“பருப்புக்கு ரேட் இல்ல மாஸ்டர். எடுக்கும்போது என்ன விலையோ அது.”